'ஆதாரமற்ற உரிமைகோரல்' அல்ல, 'இன்னும் சரிபார்க்காத கூற்று'

ஸ்டார்ட்அப் நிறுவனர் ஒருவர் முதலீடு கேட்டுப் பேசிய பிட்ச்சின் ஒளிப்பதிவைப் பார்த்து, முதலீட்டுக் குழுவுக்காகத் தமிழில் சுருக்கக் குறிப்பு எழுதுகிறார்கள். அதில் 'அன்வெரிஃபைட் கிளெய்ம்' வரும் இடத்திலெல்லாம் 'ஆதாரமற்ற உரிமைகோரல்' என்று போடுகிறார்கள். இரண்டு சொல்லில் இரண்டு தவறு. இரண்டுமே குழுவைத் தவறான முடிவுக்குத் தள்ளக்கூடியவை.

'கிளெய்ம்' லத்தீனில் 'உரக்கக் கூவு' என்ற பொருள் கொண்ட கிளாமாரே என்ற வினையிலிருந்து வந்தது. கூவிச் சொல்வது, கூவிக் கேட்பது என்று பிறகு அது இரண்டாகப் பிரிந்தது. காப்பீட்டிலும் சொத்து வழக்கிலும் இருப்பது கேட்பது. அங்கே 'உரிமைகோரல்' சரி. பிட்ச்சில் இருப்பது சொல்வது. "எங்களுக்கு 120 வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள்" என்பவர் யாரிடமும் எந்த உரிமையும் கோரவில்லை.

இந்த இடத்துக்குத் தமிழில் ஆகி வந்த சொல் கூற்று. அகப்பாடலின் தலையில் 'தலைவி கூற்று', 'தோழி கூற்று' என்று போடுகிறோமே, அதே கூற்று. பேசியவர் யார் என்று அது காட்டும். பேசியது உண்மையா என்பதில் தலையிடாது. முதலீட்டுக் குழுவின் குறிப்புக்கு வேண்டியதும் அதுதான். கூற்று என்றால் எமனும் ஆயிற்றே என்று சிலர் தயங்குவதுண்டு. 'நிறுவனர் கூற்று' என்று ஆளைச் சேர்த்து எழுதினால் யாரும் எமனை நினைக்கப்போவதில்லை.

காப்புரிமை பற்றிய பேச்சு வந்தால் 'உரிமைகோரல்' செய்யும் குழப்பம் இன்னும் பெரிது. காப்புரிமை விண்ணப்பத்தில், கண்டுபிடிப்பின் எந்தப் பகுதிக்குப் பாதுகாப்பு வேண்டும் என்று எண்ணிட்டு எழுதும் வாக்கியங்களுக்கே அந்தப் பெயர் உண்டு. "எங்கள் முறைக்குக் காப்புரிமை இருக்கிறது" என்று நிறுவனர் சொன்னதை 'காப்புரிமை உரிமைகோரல் சரிபார்க்கப்படவில்லை' என்று குறித்தால், படிப்பவர் விண்ணப்பத்தின் வாக்கியங்களைத்தான் யாரோ ஆராய வேண்டும் என்று நினைப்பார். பார்க்க வேண்டியதோ வேறு: காப்புரிமை வழங்கப்பட்டுவிட்டதா, விண்ணப்பம் மட்டும் போட்டிருக்கிறார்களா, அது நிறுவனத்தின் பெயரில் இருக்கிறதா, நிறுவனரின் சொந்தப் பெயரில் இருக்கிறதா.

அடுத்தது 'ஆதாரமற்ற'. கேடு அதிகம் செய்வது இதுதான். ஆதாரமற்ற குற்றச்சாட்டு, ஆதாரமற்ற வதந்தி என்று நாளிதழ்களில் படித்துப் பழகிய காதுக்கு அந்தச் சொல் ஒரு மறுப்பு. ஆதாரத்தைத் தேடினோம், இல்லை என்று அது தீர்ப்புச் சொல்கிறது. குறிப்பு எழுதியவர் தேடவே இல்லையே! பதிவைப் பார்த்தார், காதில் விழுந்ததை எழுதினார், அவ்வளவுதான். தன் வேலை இன்னும் நடக்கவில்லை என்று சொல்ல வேண்டியவர், நிறுவனர் மேல் பழியைப் போட்டுவிடுகிறார். குழுவில் பாதிப் பேர் அந்த வரியைப் படித்ததுமே நிறுவனத்தை மனதளவில் நிராகரித்துவிடுவார்கள்.

இதற்கு மாற்றாகச் சொல்லப்படும் 'உறுதிப்படுத்தப்படாத' என்ற சொல்லில் பழி இல்லை. ஆனால் அதிலும் ஓட்டை இருக்கிறது. உறுதிப்படுத்துவதைச் சொன்னவரே செய்துவிடலாம். "120 என்றீர்களே, சரிதானா?" என்று மின்னஞ்சலில் கேட்டு, "ஆமாம்" என்று பதில் வந்தால் அதுவும் உறுதிப்படுத்தல்தான். 'மெய்ப்பிக்கப்படாத' என்று எழுதச் சொல்வோரும் உண்டு. லத்தீனில் வேருஸ் என்றால் மெய், அதை ஆக்குவது வெரிஃபை என்பதால் வேரோடு வேர் அழகாகப் பொருந்தும். ஆனாலும் மெய்ப்பிப்பது வாதாடுபவரின் வேலை. குழுவின் வேலை அதுவல்ல.

சரிபார்க்க இரண்டு பொருட்கள் வேண்டும். 'சரி' என்பதற்குச் சமம், ஒப்பு என்றும் பொருள் இருப்பதால் (சரிசமம், சரிநிகர்), சரிபார்ப்பது என்றால் ஒன்றை இன்னொன்றின் பக்கத்தில் வைத்து ஒக்கிறதா என்று பார்ப்பது. கூற்று ஒரு பக்கம். நிறுவனர் கை படாத ஒரு சான்று மறு பக்கம். நிறுவனரே தட்டச்சு செய்து அனுப்பிய விரிதாள் இரண்டாவது பொருள் ஆகாது. அது அதே கூற்று, சட்டை மாற்றி வந்திருக்கிறது.

ஒரு மாதிரியை எடுத்துக்கொள்வோம். பதிவில் 14:20-இல் "120 வாடிக்கையாளர்கள்" என்கிறார் நிறுவனர். 31:05-இல், கேள்வி நேரத்தில், "பணம் கட்டுவோர் 84, மற்றவர்கள் இலவசச் சோதனையில்" என்கிறார். வழக்கமான சுருக்கம் முதல் எண்ணை மட்டும் எடுத்து, 'நிறுவனத்துக்கு 120 வாடிக்கையாளர்கள் உள்ளனர்' என்று எழுதி, ஓரத்தில் ஒரு நட்சத்திரக் குறி போடும். அந்தக் குறிப்பை இன்னொருவர் அரைப் பக்கமாகச் சுருக்கும்போது நட்சத்திரம் உதிரும், 'உள்ளனர்' நிற்கும். எச்சரிக்கை வாக்கியத்தின் வினையிலேயே இருந்தால் உதிராது:

"14:20, நிறுவனர் கூற்று: 120 வாடிக்கையாளர்கள் என்கிறார். 31:05-இல் பணம் கட்டுவோர் 84 என்கிறார். இரண்டையும் இன்னும் சரிபார்க்கவில்லை. பார்க்க வேண்டியவை: கையெழுத்தான ஒப்பந்தங்கள், கடந்த 3 மாத இன்வாய்ஸ்கள், அவற்றுக்கு ஈடான வங்கி வரவு."

'என்கிறார்' இருக்க வேண்டிய இடத்தில் சிலர் '120 வாடிக்கையாளர்களாம்' என்று எழுதிவிடுகிறார்கள். கேட்டதைச் சொல்கிறேன், நான் பார்க்கவில்லை என்று ஒற்றை அசையில் காட்டும் 'ஆம்' தமிழின் அருமையான வசதிதான். ஆனால் எழுத்தில் அது நம்பாத தொனியையும் ஏற்றிவிடும். 'ஆதாரமற்ற' செய்த அதே பிழை, மெல்லிய குரலில்.

'இன்னும்' என்பதையும் விட்டுவிடக் கூடாது. சரிபார்க்காத என்பது எதிர்மறைப் பெயரெச்சம். அது முக்காலத்துக்கும் பொது. ஓடாத குதிரை நேற்று ஓடவில்லையா, என்றைக்குமே ஓடாதா என்று சொல் தனியாக நின்றால் தெரியாது. ஆகவே 'இன்னும் சரிபார்க்காத' என்று எழுதி, பக்கத்தில் அன்றைய தேதியையும் போட வேண்டும். பாதி வேலை முடிந்திருந்தால் அதையும் அப்படியே எழுதலாம்: '84 ஒப்பந்தங்களில் 20-ஐப் பார்த்தோம், 17-க்கு வங்கி வரவு பொருந்துகிறது, 3-க்குப் பொருந்தவில்லை, மீதி 64-ஐ இன்னும் பார்க்கவில்லை.' 'ஓரளவு சரிபார்க்கப்பட்டது' என்ற தொடர் இதில் எதையும் சொல்லாது. குறிப்பு எழுதுவோருக்கு அந்தத் தொடரின் மேல் ஏன் இவ்வளவு பற்று என்று புரியவில்லை.

எல்லா வரிக்கும் இந்த முத்திரை பொருந்தாது. "அடுத்த ஆண்டு வருவாய் மும்மடங்காகும்" என்பதைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க இன்று ஒரு பொருளும் கிடையாது. அதற்குக் 'கணிப்பு' என்றே பெயரிட வேண்டும். அந்தக் கணிப்பு தொடங்கும் இடமான நடப்பு வருவாய் வேறு; அது கூற்று, அதைச் சரிபார்க்கலாம். கடைசி மாத வருவாயை 12-ஆல் பெருக்கி ஆண்டு வருவாய் என்று சொல்லியிருக்கிறார்களா, அந்த மாதத்தில் ஒரே ஒரு முறை வந்த நிறுவுகைக் கட்டணமும் கலந்திருக்கிறதா என்று இன்வாய்ஸைப் பிரித்தால் தெரிந்துவிடும். நிறுவனர் ஒரே மூச்சில் இரண்டையும் சொல்லியிருந்தாலும் குறிப்பில் அவை இரண்டு வரிகளாகவே வர வேண்டும்: ஒன்றின் தலையில் 'கூற்று', மற்றதன் தலையில் 'கணிப்பு'.