பணி நிறைவு விழாவுக்குப் போக முடியாதவர் எதற்காக மன்னிப்புக் கேட்க வேண்டும்?

மனிதவளப் பிரிவில் இருப்பவர்களிடம் சிலர் அலுவலகத்துக்குச் சம்பந்தமில்லாத கடிதங்களையும் கொண்டுவந்து நீட்டுவார்கள். "கொஞ்சம் பார்த்துச் சரிபண்ணிக் கொடுங்க" என்பார்கள். ஓய்வு பெற்ற சக ஊழியருக்கு எழுதும் மன்னிப்புக் கடிதம் அவற்றில் ஒன்று. அநேகமாக எல்லாக் கடிதமும் ஒரே மாதிரிதான் தொடங்கும்: "தவிர்க்க இயலாத பணி காரணமாகத் தங்கள் பணி நிறைவு விழாவில் கலந்துகொள்ள இயலவில்லை என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன்." விடுப்பு விண்ணப்பத்தை அப்படியே திருப்பி எழுதியதுபோல் இருக்கும். விடுப்புக் கேட்டால் மேலதிகாரிக்குக் காரணம் போதும். கூட வேலை பார்த்தவருக்குக் காரணம் போதாது.

ஒரு மின் துணைநிலையப் பொறியாளர் இப்படி ஒரு கடிதத்தோடு வந்தார். ஓய்வு பெற்றவர் அவருக்குத் தொழில் பழக்கிய ஃபோர்மேன். விழா மாலை நான்கு மணிக்கு. அன்று காலை ஒன்பதரைக்கு, தொலைவில் இருக்கும் இன்னொரு துணைநிலையத்தில் டிரான்ஸ்ஃபார்மர் டிரிப் ஆகிவிட்டது என்று அழைப்பு. அந்த வேலைக்கு அன்று அவரை விட்டால் வேறு ஆள் கிடையாது, கிளம்பிவிட்டார். திரும்பி வரும்போது நள்ளிரவு. இரண்டு நாள் கழித்து, அலுவலக வாட்ஸ்அப் குழுவில் விழாப் படங்களுக்குக் கீழே "சாரி அண்ணே, அவசர வேலை" என்று போட்டார். "பரவாயில்லை சார், வேலைதான் முக்கியம்" என்று பதில் வந்தது. அதுவரை அவரைத் "தம்பி" என்று மட்டுமே கூப்பிட்டவர் அந்த ஃபோர்மேன். அந்த "சார்"தான் பொறியாளரை என் மேசைக்கு அனுப்பியது.

கடிதத்தில் பாதிக்கு மேல் டிரான்ஸ்ஃபார்மர். டிரான்ஸ்ஃபார்மருக்குள் கோளாறு வந்தால் காட்டிக்கொடுக்கும் புக்கோல்ஸ் ரிலே இயங்கியது, ஆயில் சாம்பிள் எடுத்தது, லோடை வேறு பக்கம் மாற்றியது எல்லாம் வரிசையாக இருந்தது. அதைப் படிக்கப்போவது இவருக்கே அந்த ரிலேயைக் கழற்றிக் காட்டிக் கற்றுக்கொடுத்த மனிதர்! புக்கோல்ஸ் ரிலே என்ற ஒரு வார்த்தை போதும், மீதியை அவரே புரிந்துகொள்வார். இவ்வளவு விவரம் எழுதுவது அவர் நம்புவதற்காக இல்லை, எழுதுபவர் தன்னைத் தானே தேற்றிக்கொள்வதற்காக. காரணம் நீள நீள, "நான் தப்புப் பண்ணலை" என்ற தொனி ஏறும். பிறகு மன்னிப்பு எதற்கு?

நான் வழக்கமாகக் கேட்பது ஒன்றுதான்: "வர முடியாது என்று உங்களுக்கு எப்போது தெரிந்தது, அவருக்கு எப்போது தெரிந்தது?" இந்த இரண்டு நேரத்துக்கும் நடுவில் உள்ள இடைவெளிதான் பெரும்பாலும் விஷயம். பொறியாளருக்குக் காலையிலேயே சந்தேகம் இருந்தது, மத்தியானம் உறுதியாகிவிட்டது. ஃபோர்மேனுக்கோ, மேடையில் பேச இவர் பெயரைக் கூப்பிட்டு, யாரும் எழுந்து வராதபோதுதான் தெரிந்தது. "போன் ஏன் பண்ணலை?" என்றேன். "எப்படியும் முடிச்சுட்டு வந்துடலாம்னு இருந்தேன். அப்புறம் எந்த முகத்தோட பேசறதுன்னு விட்டுட்டேன்" என்றார். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் சொல்வது இதுதான்.

வேலைக்குப் போனதைத் தவிர்த்திருக்க முடியாது. சொல்லாமல் விட்டதையும், பிறகு குழுவில் ஒரு வரியோடு முடித்ததையும் தவிர்த்திருக்கலாம். மன்னிப்பு இவற்றுக்குத்தான். போனதற்கே மன்னிப்புக் கேட்டால், ஃபோர்மேனுக்கும் அது ஒட்டாது. ஆயுள் முழுக்க அதே ஷிஃப்ட்டில் கிடந்தவர், டிரிப் ஆனால் ஓடத்தான் வேண்டும் என்று அவருக்குத் தெரியாதா?

ராய் லெவிக்கியும் சக ஆய்வாளர்களும் 2016இல் வெளியிட்ட ஆய்வில், மன்னிப்பின் ஆறு கூறுகளை 755 பேரிடம் சோதித்துப் பார்த்தார்கள். அதிகம் எடுபட்டது, தவறு என்னுடையது என்று ஏற்பது. அடுத்தது, சரிசெய்ய முன்வருவது. காரணம் சொல்வது இவற்றுக்குப் பின்னால்தான். எல்லாவற்றிலும் கடைசி, "மன்னித்துவிடுங்கள்" என்று கேட்பது. அவை வேலை தொடர்பான கற்பனைச் சூழல்கள். நெருங்கிய இருவருக்கு நடுவே அதே வரிசை அப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது. ஆனாலும் நம் கடிதங்கள் இதைத் தலைகீழாகச் செய்கின்றன: முதலில் காரணம், முடிவில் "பெரிய மனது பண்ணி மன்னிக்கவும்", நடுவில் ஒன்றுமே இருக்காது.

சரிசெய்வது என்பதுதான் இங்கே சிக்கல். விழா திரும்ப நடக்காது, குழுப் படத்தில் போய் நிற்கவும் முடியாது. சிலர் அவசரப்பட்டு, அவரைக் கேட்காமலே இன்னொரு கூட்டம் ஏற்பாடு செய்வார்கள். ஓய்வு பெற்றவருக்கு அது இன்னொரு தர்மசங்கடம். ஆனால் திருப்பித் தரக்கூடிய ஒன்று இருக்கிறது. அன்று மேடையில் சொல்லியிருக்கக்கூடிய பேச்சு. அது எழுத்தில் போனால் போதும், சில சமயம் மேடையைவிட நன்றாகவே இருக்கும். பொறியாளரின் கடிதம் கடைசியில் இப்படி ஆனது:

"அண்ணே, உங்க விழாவுக்கு நான் வரலை. காலையிலேயே டிரான்ஸ்ஃபார்மர் வேலைக்குப் போக வேண்டியதாயிற்று. புக்கோல்ஸ் ரிலே இயங்கியிருந்தது. அது என் கையில் இல்லை. ஆனால் மத்தியானமே வர முடியாதுன்னு தெரிஞ்சும் உங்களுக்கு ஒரு போன் பண்ணலை. என் பெயரைக் கூப்பிட்டப்ப நீங்க வாசலைப் பார்த்ததாகப் பிறகு சொன்னாங்க. அது முழுக்க என் தப்பு. குழுவில் ஒரு வரி போட்டதும் தப்புதான். அன்னைக்கு நான் ஒரு விஷயம் சொல்லணும்னு வைத்திருந்தேன். வேலைக்குச் சேர்ந்த புதுசுல, எர்த்திங் ராடு மாட்டாம லைன்ல கை வைக்கப் போனப்ப என் சட்டைக் காலரைப் பிடிச்சு இழுத்தீங்க. அதை மேலே எழுதி அனுப்பாம, மறுநாள் ஒரு மணி நேரம் நிற்க வைத்து எனக்குச் சொல்லிக்கொடுத்தீங்க. இன்னைக்கு என் பசங்களுக்கு அதையேதான் செய்யறேன். நேரில் வந்து பார்க்கணும். எப்போ வரலாம்னு நீங்க சொல்லுங்க."

"உங்க மனசு புண்பட்டிருந்தால்" என்ற வரி இதில் கிடையாது. அது பழியைப் புண்பட்டவர் மேலேயே தள்ளும். "நீங்க புரிஞ்சுக்குவீங்க" என்பதும் கிடையாது. புரிந்துகொள்வதா வேண்டாமா என்பது அவர் பாடு.

இதை அனுப்புவதற்கு முன் ஒருமுறை போனில் பேசச் சொன்னேன். பேசச் சொன்னதைவிட, அவர் பேசுவதைக் கேட்கச் சொன்னேன் என்பதே சரி. ஃபிரான்ட்ஸ், பென்னிக்சன் இருவரும் 2005இல் வெளியிட்ட ஆய்வு, மனத்தாங்கல் உள்ளவர் தன் பக்கத்தைச் சொல்லி முடித்த பிறகு வரும் மன்னிப்பு அதிகம் எடுபடுகிறது என்கிறது. அதற்காக, தகவல் சொல்வதைத் தள்ளிப்போடக் கூடாது. "வர முடியலை" என்ற செய்தி அன்றே போக வேண்டும், விளக்கமான மன்னிப்பு சில நாள் பொறுக்கலாம்.

ஒரு நடைமுறைச் சிக்கல் பலருக்குத் தோன்றுவதே இல்லை. பல நிறுவனங்களில் ஓய்வு நாளோடு அலுவலக மின்னஞ்சலும் அலுவலக சிம்மும் முடக்கப்படும். எழுதியவர் பதில் வரவில்லையே, கோபமாக்கும் என்று மருகிக்கொண்டிருப்பார். கடிதம் போய்ச் சேர்ந்தே இருக்காது. அவருடைய சொந்த எண் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். உண்மையிலேயே பதில் தராமல் இருந்தால், "கோபமா அண்ணே?" என்று வாராவாரம் கேட்காதீர்கள். ஒருமுறை நன்றாகச் சொன்னது போதும். பிறகு வழக்கமான நலம் விசாரிப்புகள் மட்டும்.

வெளியூர்ப் பணி முன்கூட்டியே தெரிந்திருந்தால் இவ்வளவு பாடு வேண்டியதில்லை. விழாவுக்கு முன்பே அவர் இருக்கைக்குப் போய் நீங்களே சொல்லுங்கள், வேறு ஆள் மூலம் சொல்லி அனுப்ப வேண்டாம். உங்கள் பேச்சை ஒரு பக்கத்துக்குள் எழுதி, மேடையில் வாசிக்க ஒருவரிடம் பெயர் சொல்லிக் கொடுங்கள். "யாராவது படிச்சிடுங்க" என்று விட்டால், அது நன்றியுரை அவசரத்தில் மடித்தபடியே கிடக்கும்.