‘தீசிஸ் பி.டி.எஃப். அனுப்புங்க சார்’

“சென்னிமலை கைத்தறி பற்றிய தீசிஸ் உங்கள் நூலகத்தில் இருப்பதாக அறிந்தேன். டவுன்லோட் செய்ய லிங்க் அனுப்பவும். மிகவும் அவசரம்.” ஈரோட்டுப் பக்கம் படிக்கும் ஒரு மாணவர் அனுப்பிய கடிதம் முழுக்க இவ்வளவுதான். ஆய்வாளர் பெயர் இல்லை, ஆண்டு இல்லை. கையெழுத்துக்குக் கீழே ஒரு வாட்ஸ்அப் எண் மட்டும். கோவையில் நூலகராக இருக்கும் எனக்கு இப்படி வருகிற கடிதங்களுக்குப் பதில் எழுதியே கை ஓய்ந்துவிட்டது. அதனால் எல்லாருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

ஒன்றை முதலில் தெளிவாக்கிவிடுகிறேன். அலமாரியில் ஆய்வேடு இருக்கிறது என்றால் கம்ப்யூட்டரிலும் இருக்கிறது என்று பொருளில்லை. ஆய்வேட்டை மின்வடிவிலும் கொடுக்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் விதி வந்ததே 2009இல்தான். அதற்கு முந்தையவற்றில் பல இன்னும் வெறும் காகிதம். தட்டச்சு செய்து, காலிகோ அட்டை போட்டு, முதுகில் பொன்னெழுத்து அடித்த காகிதம்.

“அப்ப ஸ்கேன் பண்ணி அனுப்பிடுங்க சார்” என்பதுதான் அடுத்த பதிலாக வரும். எனக்கு எரிச்சல் மூட்டுவதும் இதுதான். ஆய்வேடு நூலகத்தில் இருந்தாலும் அதன் பதிப்புரிமை பெரும்பாலும் எழுதியவருடையது. எங்களிடம் இருப்பது ஒரு பிரதி, அவ்வளவுதான். கையிலுள்ள அச்சுப் பிரதியை நூலகம் பாதுகாப்புக்காக மின்வடிவில் சேமித்து வைக்கலாம் என்று பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு சொல்கிறது. பாதுகாப்புக்காக என்பதைக் கவனியுங்கள். ஊருக்கெல்லாம் லிங்க் அனுப்புவதற்காக இல்லை. ஸ்கேன் செய்யப்பட்டு எங்கள் கம்ப்யூட்டரிலேயே கிடந்தாலும் அதை அப்படியே தூக்கி அனுப்ப எனக்கு உரிமை கிடையாது. நூலகர் கஞ்சத்தனம் பண்ணுகிறார் என்று தயவுசெய்து நினைக்காதீர்கள்.

சரி, அந்தக் கைத்தறி மாணவர் கதைக்கு வருகிறேன். திருப்பிக் கேட்டபோதுதான் ஆண்டு 1979 என்று சொன்னார். கோவைக் கல்லூரி ஆசிரியர் எழுதியது என்பதால் இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகளைச் சேர்த்து வைத்திருக்கும் சோத்கங்கா இணையதளத்தில், பாரதியார் பல்கலைக்கழகத்தின் பெயரில் நாள் கணக்கில் தேடியிருக்கிறார். பாரதியார் பல்கலைக்கழகம் பிறந்ததே 1982இல். அதற்கு முன் கோவைக் கல்லூரிகள் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இருந்தவை, பட்டம் கொடுத்ததும் அதுதான். கொங்குப் பகுதியின் பழைய ஆய்வேடு எதைத் தேடினாலும் முதலில் இந்த ஆண்டுக் கணக்கைப் பாருங்கள். எங்களிடம் இருந்தது, ஆய்வாளர் அன்பளிப்பாகக் கொடுத்த ஒரு பிரதி.

“முழுசும் எதுக்கு தம்பி?” என்று போனில் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தவர், “கூலி பற்றிய இயலும் பின்னிணைப்பில் உள்ள வினாப்பட்டியலும் போதுங்க சார்” என்றார். இதை முதலிலேயே எழுதியிருந்தால் ஒரு வாரம் மிச்சம்! சொந்த ஆய்வுக்காக ஒரு நூலின் பகுதியை நியாயமான அளவில் பயன்படுத்தச் சட்டம் இடம் கொடுக்கிறது. பத்து சதவீதம் வரை எடுக்கலாம் என்று பலரும் சொல்லித் திரிகிறார்கள், அப்படி ஒரு கணக்கு நம் சட்டத்தில் இல்லை. அந்த ஓர் இயலையும் வினாப்பட்டியலையும் நகலெடுத்துக் கொடுத்தோம். முழு ஆய்வேடும் வேண்டுமென்றால் ஆய்வாளரிடமே எழுத்தில் அனுமதி வாங்கி வா என்று சொல்லி, அவர் வேலை பார்த்த கல்லூரியின் முகவரியைக் கொடுத்தேன்.

இனி எழுதப் போகிறவர்களுக்கு. கடிதம் எழுதும் முன் சோத்கங்காவின் shodhganga.inflibnet.ac.in தளத்தில் பாருங்கள். வேளாண்மை என்றால் அந்தத் துறை ஆய்வேடுகளுக்கான கிருஷிகோஷ் தளத்திலும் பாருங்கள். பெயரை மட்டும் அடித்துவிட்டு இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். இனிஷியல் முன்னே பின்னே இருக்கும், தமிழ்த் தலைப்பை ஆங்கில எழுத்தில் விருப்பத்துக்கு எழுதி வைத்திருப்பார்கள். பல்கலைக்கழகம், துறை என்று படிப்படியாக உள்ளே போங்கள். அங்கே ஆய்வேடு இயல் இயலாகத் தனித்தனிக் கோப்பாக இருக்கும். 01_title.pdf கோப்பை மட்டும் இறக்கிவிட்டு “ஒரு பக்கம்தான் வருது” என்று எங்களுக்கு எழுதுகிறவர்களும் உண்டு.

அங்கே இல்லையென்றால் கடிதம் எழுதுங்கள், தாராளமாக. ஆய்வாளர் பெயர், தலைப்பு, பட்டம் கொடுத்த பல்கலைக்கழகம், ஆண்டு, எம்.ஃபில்லா பிஎச்.டி.யா, எந்த இயல், எதற்காக என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். உங்கள் நெறியாளரின் கையெழுத்தும் துறை முத்திரையும் இருந்தால் எங்களுக்கு வேலை சுலபம். கல்லூரி நூலகர் வழியாக அனுப்பினால் இன்னும் நல்லது, நூலகங்களுக்குள் நாங்கள் பேசி முடித்துக்கொள்வோம். அப்புறம், ‘மிகவும் அவசரம்’ என்று எழுதாதீர்கள் கண்ணுகளா. என்றைக்குள் வேண்டும் என்று தேதியை எழுதுங்கள்.