தொலைந்த போனில் வாட்ஸ்அப்: எதை முதலில் பூட்டுவது?

போன் தொலைந்தது உறுதியானதும் பெரும்பாலானவர்கள் செய்கிற முதல் வேலை, சிம் நிறுவனத்தைக் கூப்பிட்டு எண்ணை முடக்கச் சொல்வது. முடக்க வேண்டியதுதான். ஆனால் சிம் முடங்கியதும் வாட்ஸ்அப்பும் நின்றுவிட்டது என்று நம்பி நிம்மதியாக உட்கார்ந்துவிடக் கூடாது. சிம் முடங்கிய போனில் வாட்ஸ்அப் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். வைஃபை கிடைத்தால் போதும், செய்தி வரும், போகும். திரைப்பூட்டைத் தாண்டிவிட்ட யாரும் உங்கள் பெயரிலேயே குழுக்களில் எழுதலாம்.

இதற்குக் காரணம், வாட்ஸ்அப் உங்கள் எண்ணைச் சரிபார்ப்பது கணக்கைப் பதிவு செய்யும் அந்த ஒரு நேரத்தில்தான். எஸ்எம்எஸ்ஸிலோ அழைப்பிலோ வரும் 6 இலக்கக் குறியீட்டை நீங்கள் கொடுத்ததும், போன் தனக்கென்று ஒரு ஜோடி மறையாக்கச் சாவிகளை உருவாக்கிக்கொள்கிறது. அதில் ரகசியச் சாவி போனை விட்டு வெளியே போவதில்லை. பொதுச் சாவி மட்டும் சர்வருக்குப் போகிறது. அதன் பிறகு சர்வர் அடையாளம் காண்பது அந்தப் போனைத்தான், உள்ளே இருக்கும் சிம்மை அல்ல. சிம்மைக் கழற்றி எறிந்தாலும் கணக்கு அந்தக் கருவியிலேயே இருக்கும்.

ஆகவே தொலைந்த போனைப் பொறுத்தவரை மூன்று தனித்தனி வேலைகள் இருக்கின்றன: திரையைப் பூட்டுவது, சிம்மை முடக்குவது, கணக்கை வேறு போனுக்கு இழுத்துக்கொள்வது. இவற்றை எந்த வரிசையில் செய்கிறோம் என்பது முக்கியம்.

ஒரு ஆசிரியையை எடுத்துக்கொள்வோம். மாலை 6 மணிக்குப் பேருந்தில் இருந்து இறங்கிய பிறகுதான் கைப்பையில் போன் இல்லை என்று தெரிகிறது. வகுப்புப் பெற்றோர் குழுவுக்கு அவர்தான் அட்மின். பக்கத்தில் தோழியின் போன் இருக்கிறது. வீட்டில் மடிக்கணினியில் வாட்ஸ்அப் வெப் இணைத்து வைத்திருக்கிறார்.

முதலில் அவர் செய்ய வேண்டியது, தோழியின் போனிலிருந்து தன் போனைப் பூட்டுவது. ஆண்ட்ராய்டு என்றால் android.com/find, ஐபோன் என்றால் icloud.com/find. அங்கே பூட்டு என்று அழுத்தியதும் கட்டளை நேராகப் போனுக்குப் பாய்வதில்லை. கூகுள் அல்லது ஆப்பிள் சர்வர் அதை வாங்கி வைத்துக்கொண்டு, போன் இணையத்தில் இருந்தால் அனுப்புகிறது. இல்லாவிட்டால், போன் அடுத்த முறை இணையத்துக்கு வரும்வரை கட்டளை காத்திருக்கிறது. வெளியில் கிடக்கும் போனுக்குப் பெரும்பாலும் இணையம் தருவது அதே சிம்மின் டேட்டாதான். சிம்மை முதலில் முடக்கினால், பூட்டுக் கட்டளை போய்ச் சேர வேண்டிய வழியை நாமே அடைத்துவிடுகிறோம். அதனால் பூட்டு முதலில், சிம் அடுத்து. இரண்டுக்கும் இடையே சில நிமிடங்கள் போதும். பூட்டு போய்ச் சேர்ந்ததா என்று மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது.

இங்கே பலரும் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. தோழியின் போனில் கூகுள் கணக்கைத் திறக்கப் போனால், இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு வந்து நிற்கும்: "உங்கள் போனில் ஆம் என்று அழுத்துங்கள்". அந்தப் போன்தானே தொலைந்தது! முன்கூட்டியே எழுதி வைத்த மாற்றுக் குறியீடுகளோ, ஏற்கெனவே கணக்கு திறந்திருக்கும் கணினியோ இருந்தால்தான் இந்த இடத்தைச் சட்டென்று கடக்கலாம். நம் ஆசிரியை வீட்டுக்குப் போய் மடிக்கணினியைத் திறந்தால் வேலை முடிந்துவிடும், ஆனால் அதற்குள் நேரம் போய்விடும். ஆப்பிள் இதை யோசித்து வைத்திருக்கிறது: தொலைந்த கருவியைத் தேடும் பக்கத்துக்கு மட்டும் கடவுச்சொல் போதும், சரிபார்ப்புக் குறியீடு கேட்காது. ஆண்ட்ராய்டில் android.com/lock என்று இன்னொரு வழி இருக்கிறது. கடவுச்சொல்லே தேவையில்லை, போன் எண்ணைக் கொடுத்தால் திரை பூட்டிக்கொள்ளும். ஆனால் தொலைவிலிருந்து பூட்டும் அந்த வசதியைப் போன் கையில் இருக்கும்போதே அமைப்புகளில் இயக்கி வைத்திருக்க வேண்டும்.

போனை மொத்தமாக அழிக்கும் பொத்தானும் அதே பக்கத்தில் இருக்கும். கோபத்தில் அதைத் தொட்டுவிட வேண்டாம். ஆண்ட்ராய்டில் அழித்துவிட்டால் அதன் பிறகு போன் எங்கே இருக்கிறது என்று பார்க்க முடியாது. பூட்டிய போனில் உள்ள தரவு மறையாக்கத்தில்தான் இருக்கிறது. திரைக் கடவு எண் 1234 மாதிரி இல்லாத வரை அவசரம் இல்லை.

பூட்டியாகிவிட்டது. இப்போது சிம். திரை பூட்டியிருந்தாலும் சிம்மைக் கழற்றி வேறு போனில் போட யாருக்கும் தடை இல்லை. அப்படிப் போட்டு, வாட்ஸ்அப்பில் உங்கள் எண்ணைக் கொடுத்தால், 6 இலக்கக் குறியீடு அந்தப் போனுக்கே போகும். போன பத்தியில் பூட்டிய பூட்டுக்கு இங்கே ஒரு வேலையும் இல்லை. இதைத் தடுப்பவை இரண்டு. ஒன்று, சிம்முக்கே போடும் பின் எண். பலரும் அதைப் போடுவதில்லை. மற்றொன்று, வாட்ஸ்அப்பின் இரு கட்டச் சரிபார்ப்பு. அதில் நீங்கள் அமைத்த 6 இலக்கப் பின் தெரியாமல் புதுப் போனில் கணக்கு முழுமையாகத் திறக்காது.

சரி, சிம்மை முடக்கி, அதே எண்ணில் மாற்று சிம் வாங்கும்வரை கணக்கு என்ன ஆகும்? டெலிகிராமில் இந்தக் கேள்வியே பெரிதாக எழாது. உள்நுழைந்திருக்கும் இன்னொரு கருவியிலிருந்து தொலைந்த போனை வெளியேற்றிவிடலாம். வாட்ஸ்அப்பில் போன்தான் முதன்மை, மற்றவை அதோடு இணைந்தவை. போனிலிருந்து மடிக்கணினியை வெளியேற்றலாம், மடிக்கணினியிலிருந்து போனை வெளியேற்ற முடியாது. இருந்தாலும் மடிக்கணினி பயனில்லாமல் போகாது. போன் அணைந்து கிடந்தாலும் இணைத்த கருவிகள் தனியே வேலை செய்யும், 14 நாள்வரை. ஆசிரியை அதிலிருந்தே பெற்றோர் குழுவில் ஒரு வரி போடலாம்: "என் போன் தொலைந்துவிட்டது. இந்த எண்ணிலிருந்து பணமோ குறியீடோ கேட்டு எது வந்தாலும் பொருட்படுத்தாதீர்கள்."

அட்மின் என்பதால் இன்னொரு வேலையும் அவருக்கு இருக்கிறது. குழுவில் வேறு ஒருவரை உடனே அட்மின் ஆக்க வேண்டும். அப்புறம், அட்மின்கள் மட்டும் செய்தி அனுப்பலாம் என்று குழுவை மாற்றி வைக்கலாம். ஆனால் அது தொலைந்த போனைக் கட்டுப்படுத்தாது, ஏனென்றால் அதுவும் அட்மின் போன்தான். அவர் பங்கெடுக்கும் மற்ற குழுக்களில், அங்குள்ள அட்மின் அவருடைய எண்ணைத் தற்காலிகமாக நீக்கினால் அதுவே சரியான தடுப்பு. ஒருவரை நீக்கியதும் மற்ற உறுப்பினர்களின் போன்கள் குழுச் செய்திகளுக்குப் புதிய சாவி உருவாக்கிக்கொள்ளும். நீக்கப்பட்ட எண்ணின் போனுக்கு அதன் பிறகு எதுவும் போகாது. குழுவின் அழைப்பு இணைப்பையும் மாற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் பழைய இணைப்பு தெரிந்த ஒருவர் வேறு எண்ணிலிருந்து அதன் வழியாக உள்ளே வரலாம்.

மாற்று சிம் கிடைக்க நாளாகும் என்றால் மட்டும், support@whatsapp.com முகவரிக்கு நாட்டுக் குறியீட்டோடு முழு எண்ணையும் இந்த வாசகத்தையும் அனுப்பிக் கணக்கைச் செயலிழக்கச் செய்யலாம்:

```
Lost/Stolen: Please deactivate my account
```

செயலிழந்த கணக்கு அழிந்துவிடுவதில்லை. மற்றவர்கள் அனுப்பும் செய்திகள் 30 நாள்வரை காத்திருக்கும், குழுக்களில் உங்கள் இடமும் அப்படியே இருக்கும். 30 நாளுக்குள் திரும்பப் பதிவு செய்யாவிட்டால் கணக்கு முழுக்கப் போய்விடும், குழுக்களும் கூடவே போகும்.

மறுநாளே சிம் கிடைத்துவிட்டால் மின்னஞ்சல் எல்லாம் தேவையில்லை. வேறு போனில் சிம்மைப் போட்டு, வாட்ஸ்அப்பில் 6 இலக்கக் குறியீட்டைக் கொடுத்த அந்த நொடியிலேயே பழைய போன் வெளியேற்றப்படும். முதன்மைப் போனாக ஒன்றுதான் இருக்க முடியும் என்ற விதி இங்கே நமக்குச் சாதகம். இடையில் வேறு யாரோ உங்கள் எண்ணைப் பதிவு செய்து, அவர்களாக ஒரு பின் போட்டு வைத்திருந்தாலும் இதே கதைதான். பின் தெரியாததால் நீங்கள் உள்ளே போக 7 நாள் காத்திருக்க நேரலாம். ஆனால் எஸ்எம்எஸ் குறியீட்டைக் கொடுத்ததுமே அவர்கள் வெளியே. அந்த 7 நாளும் கணக்கு யார் கையிலும் இருக்காது.

உள்ளே போனதும், உங்கள் எண்ணைத் தற்காலிகமாக நீக்கியவை தவிர மற்ற குழுக்கள் எல்லாம் இருக்கும், அட்மின் பதவியும் இருக்கும். பழைய உரையாடல்கள் மட்டும் சர்வரிலிருந்து வராது. கொண்டுசேர்த்த செய்திகளைச் சர்வர் வைத்திருப்பதில்லை. அவை கூகுள் அல்லது ஐகிளவுட் காப்புப் பிரதியிலிருந்துதான் வர வேண்டும். பதிவின்போது மீட்கட்டுமா என்று கேட்கும் திரையில் அவசரமாகத் தவிர் என்று அழுத்திவிட்டால், அடுத்து ஓடும் காப்புப் பிரதி பழையதன் மேலேயே எழுதிவிடும். இந்த ஒரு திரையில் மட்டும் நிதானமாக இருப்பது நல்லது.

முதல் சில மணி நேரம் குழுவில் சில செய்திகளுக்குப் பதிலாக Waiting for this message. This may take a while என்று தெரியலாம். பழைய போனின் சாவிக்காகப் பூட்டி அனுப்பப்பட்ட செய்திகள் அவை. புதுப் போனில் புதுச் சாவி இருப்பதால் அவற்றைத் திறக்க முடியவில்லை. அனுப்பியவரின் போன் இணையத்துக்கு வந்ததும் தானாகவே புதுச் சாவிக்குப் பூட்டி மறுபடி அனுப்பும். நண்பர்களில் சிலருக்கு உங்கள் பாதுகாப்புக் குறியீடு மாறிவிட்டது என்ற அறிவிப்பும் போகும். எச்சரிக்கையான ஒருவர் உடனே கூப்பிட்டு விசாரித்தால் கோபப்பட வேண்டாம், அவர் செய்வது சரி. இந்த நிலையில் முதல் வேலையாக அமைப்புகளில் இணைத்த கருவிகளின் பட்டியலைப் பார்த்து, அடையாளம் தெரியாத எதுவும் இருந்தால் நீக்கிவிட்டு, இரு கட்டச் சரிபார்ப்பில் பின்னோடு மின்னஞ்சலும் கொடுத்து வைக்க வேண்டும். மின்னஞ்சல் இருந்தால் மறந்த பின்னை 7 நாள் காத்திருக்காமல் மாற்றலாம்.

இரண்டு வாரம் கழித்துப் பழைய போன் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வாட்ஸ்அப்பைத் திறந்தால், இந்த எண் இந்தப் போனில் பதிவில் இல்லை என்று சொல்லும். அங்கேயே திரும்பப் பதிவு செய்தால் புதுப் போன் வெளியேறிவிடும், இடைப்பட்ட இரண்டு வாரச் செய்திகள் புதுப் போனிலேயே தங்கிவிடும். அவை வேண்டும் என்றால் முதலில் புதுப் போனில் காப்புப் பிரதி எடுத்துவிட்டு, பழைய போனில் செயலியை நீக்கி மறுபடி நிறுவி, அந்தப் பிரதியிலிருந்து மீட்க வேண்டும்.