சென்ஸுக்கு 'உணர்திறன்'னு சொல்லாதீங்க

போன வாரம் ஒரு தமிழ் கேமிங் வீடியோ பார்த்தேன். அதுல பேசினவர் "டிபிஐங்கறது மவுஸோட உணர்திறன், கேம் செட்டிங்ஸ்ல இருக்கறதும் உணர்திறன்தான், ரெண்டையும் உங்களுக்கு ஏத்த மாதிரி கூட்டி வச்சுக்கோங்க"ன்னு ஒரே மூச்சுல சொல்லிட்டு அடுத்த விஷயத்துக்குப் போயிட்டாரு. இதே மாதிரி எத்தனை தடவை கேட்டாச்சு. ரெண்டு வேற வேற பொருளுக்கு ஒரே பேரு, அந்தப் பேரும் தப்பு, போதாததுக்கு கூட்டி வைன்னு ஒரு அறிவுரை. இதைக் கேட்டு செட்டிங் மாத்தின பையன் ஒருத்தன் எங்க வீட்டுலயே இருக்கான், அவன் கதைக்கு அப்புறம் வரேன்.

முதல்ல சொல்லைப் பார்த்துடலாம். சென்ஸ்ங்கறது சென்சிடிவிட்டியோட சுருக்கம், கேம் செட்டிங்ஸ்ல மவுஸுக்கு வைக்கற எண். சென்சிடிவிட்டிக்கு வேர் லத்தீன்ல 'உணர்தல்'னு அர்த்தம் வர்ற ஒரு வினை. நம்மாளுங்க அதைப் பார்த்து உணர் + திறன்னு போட்டாங்க. கருவிகளைப் பத்திப் பேசும்போது இது நல்ல சொல்தான், எனக்கு அதுல சண்டை இல்ல. நகைக்கடைத் தராசு ஒரு மில்லிகிராமையும் காட்டும், அரிசிக்கடைத் தராசு காட்டாது, நகைக்கடைத் தராசுக்கு உணர்திறன் ஜாஸ்தின்னு சொன்னா யாருக்கும் புரியும். கேமரா வெளிச்சத்தை வாங்கறதுக்கும் இந்தச் சொல் பொருந்தும். அங்கெல்லாம் ஏதோ ஒண்ணு நிஜமாவே உணருது.

கேம்ல இருக்கற சென்ஸ் எதை உணருது? எதையும் இல்ல. மவுஸுக்கு அடியில ஒரு குட்டி கேமரா இருக்கு, அது பேடோட மேற்பரப்பை நொடிக்கு ஆயிரக்கணக்குல படம் எடுத்து, ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் எவ்வளவு நகர்ந்திருக்குன்னு பார்த்து, "ஒண்ணு, ஒண்ணு, ஒண்ணு"ன்னு கம்ப்யூட்டருக்கு எண்ணி அனுப்புது. மவுஸை ஒரு அங்குலம் தள்ளினா எத்தனை எண்ணி அனுப்பும்ங்கறதுதான் டிபிஐ. 800 டிபிஐன்னா ஒரு அங்குலத்துக்கு 800. அதோட மவுஸ் வேலை முடிஞ்சுது. அந்த எண்ணிக்கை ஒவ்வொண்ணுக்கும் உங்க பார்வை எத்தனை டிகிரி திரும்பணும்னு முடிவு பண்றது கேம். வேலரன்ட்ல சென்ஸ் 1-ல வச்சா ஒரு எண்ணிக்கைக்கு 0.07 டிகிரி, கவுன்டர் ஸ்ட்ரைக்ல அதே 1-க்கு 0.022 டிகிரி, அங்க கட்டளை அடிக்கற கன்சோல்ல `m_yaw`னு அடிச்சா அந்த எண்ணே தெரியும். சென்ஸை 0.5 ஆக்கினா அதுல பாதி. அவ்வளவுதான், வெறும் பெருக்கல். உணரறதுங்கற வேலையே அங்க இல்ல.

இன்னும் கேட்டா, உணர்திறன்ங்கற பேரு ரெண்டுல ஒண்ணுக்குத்தான் சேரும்னா அது டிபிஐக்குத்தான் சேரணும், ஏன்னா டிபிஐ கூடக்கூட மவுஸ் இன்னும் சின்ன அசைவையும் எண்ணுது, நகைக்கடைத் தராசு மாதிரி. ஆனா மொழிபெயர்த்தவங்க பெருக்கல் எண்ணுக்கு அந்தப் பேரைக் கொடுத்துட்டு, நிஜமா உணர்ற பக்கத்துக்கு 'அங்குலத்துக்குப் புள்ளிகள்'னு போட்டு வச்சிருக்காங்க. புள்ளிங்கறது பிரின்டர் சமாச்சாரம், தாள்ல மை வைக்கறது. மவுஸ் எங்கயும் புள்ளி வைக்கறதில்ல. ஆங்கிலத்துலயே அது கடன் வாங்கின பேருதான், சென்சார் செய்யறவங்க சிபிஐன்னு, அதாவது அங்குலத்துக்கு எத்தனை எண்ணிக்கைன்னுதான் எழுதறாங்க. நாம தமிழாக்கும்போது அவங்க செஞ்ச தப்பையும் சேர்த்து ஏன் தமிழாக்கணும்?

எனக்குப் பெரிய வருத்தம் 'திறன்'ங்கற பகுதியில. தமிழ்ல திறன்னு முடியற எந்தச் சொல்லையாவது எடுத்துக்கோங்க, செயல்திறன், வேலைத்திறன், கற்கும் திறன், எல்லாமே கூடினா நல்லது, குறைஞ்சா கெட்டது. யாராவது தன் திறனைத் தானே குறைச்சுக்குவாங்களா? அதனால செட்டிங்ஸ்ல 'உணர்திறன்'னு பார்க்கற புதுப் பையன் கை தானா அந்தப் பட்டையை வலது பக்கம்தான் இழுக்கும். ஆனா ஷூட்டர் கேம்ல புதுசா வர்றவங்கள்ல பெரும்பாலானவங்களுக்குத் தேவை இதுக்கு நேர் எதிர், குறைக்கணும். சொல்லே ஆளைத் தப்பான பக்கம் தள்ளுது.

என் சித்தி பையன் காலேஜ் படிக்கறான், வேலரன்ட் ஆடறான். "அண்ணா, எய்மே நிக்க மாட்டேங்குது, மவுஸ் மாத்தணும் போல"ன்னு வந்தான். பார்த்தா டிபிஐ 3200, சென்ஸ் 0.5. ரெண்டையும் பெருக்கினா 1600, இதைத்தான் இ-டிபிஐன்னு சொல்றது. வேலரன்ட் ப்ரோ ஆளுங்க பெரும்பாலும் 200-லிருந்து 400-க்குள்ள வச்சிருப்பாங்க. ஆனா அந்த எண்ணைச் சொன்னா அவனுக்கு ஒண்ணும் உறைக்கல, அதனால ஸ்கேலை எடுத்துட்டு வரச் சொன்னேன். சுவத்துல ஒரு கோட்டைக் குறிவச்சு நின்னு, மவுஸை ஒரே பக்கமா தள்ளி, முழுசா ஒரு சுத்து சுத்தி அதே கோட்டுக்கு வரச் சொன்னேன். எட்டு சென்டிமீட்டர்தான். கணக்கும் அதேதான் சொல்லும்:

```
360 ÷ (DPI × sens × 0.07) × 2.54 = cm
360 ÷ (3200 × 0.5 × 0.07) × 2.54 = 8.2
```

எட்டு சென்டிமீட்டர்ல 360 டிகிரின்னா கை ஒரு மில்லிமீட்டர் அசைஞ்சா பார்வை 4.4 டிகிரி திரும்புது. இருபது மீட்டர் தள்ளி நிக்கற ஒருத்தன் தலை, இருபது சென்டிமீட்டர் அகலம்னு வச்சுக்கிட்டா, பார்வையில அரை டிகிரிக்குக் கொஞ்சம் மேலதான். அதாவது அந்தத் தலைமேல குறி நிக்கணும்னா அவன் கை மில்லிமீட்டர்ல எட்டுல ஒரு பங்குக்குள்ள நிறுத்தணும். எந்த மவுஸ் வாங்கினாலும் அது நடக்காது.

இதை எப்படிச் சரி பண்ணோம்னு சொல்றேன், யாரும் இப்படியே பண்ணலாம். டிபிஐயை 800-ல வச்சு அதைத் தொடவே கூடாதுன்னுட்டேன். 1600 வச்சு சென்ஸைப் பாதியாக்கினாலும் கைக்கு அதே தூரம்தான், கேமுக்குள்ள ஒரு எண்ணிக்கைக்குத் திரும்பற துண்டு மட்டும் இன்னும் பொடிசாகும், அது கெடுதல் இல்ல, ஆனா டெஸ்க்டாப்ல அம்புக்குறி பறக்கும். ரெண்டு எண்ணையும் ஒரே நேரத்துல மாத்தினா எது எதைக் கெடுத்ததுன்னு தெரியாது, அதனால ஒண்ணைக் கட்டிப்போட்டுட்டு சென்ஸை மட்டும் திருகறதுதான் சுலபம். அப்புறம் பேடை அளந்தோம், 40 சென்டிமீட்டர் அகலம். நடுவுலேர்ந்து ஓரம் வரைக்கும் ஒரு இழுப்புல பின்னாடி திரும்ப முடியணும், அதாவது 20 சென்டிமீட்டருக்கு 180 டிகிரி, முழுச் சுத்துக்கு 40. கணக்குப் போட்டா சென்ஸ் 0.41. அதை வச்சு கேம்ல இருக்கற பயிற்சி ரேஞ்ச்ல ஒரு பொம்மை தலையிலேர்ந்து அடுத்த பொம்மை தலைக்குத் தாவித் தாவி அடிக்கச் சொன்னேன். குறி தலையைத் தாண்டிப் போயிட்டு திரும்பி வந்துச்சுன்னா சென்ஸ் ஜாஸ்தி, தலைக்கு முன்னாடியே நின்னு இன்னொரு தள்ளு தேவைப்பட்டா கம்மி. இவனுக்குத் தாண்டிக்கிட்டே இருந்தது. பத்துல ஒரு பங்கு குறைச்சு 0.37. இன்னும் குறைச்சு 0.33 வச்சுப் பார்த்தோம், தூரத்துத் தலை அருமையா கிடைச்சுது, ஆனா பின்னாடிலேர்ந்து ஆள் வந்தா மவுஸைத் தூக்கி வச்சு ரெண்டாவது தடவை இழுக்கறதுக்குள்ள செத்தான். மறுபடி 0.37, சுத்துக்கு 44 சென்டிமீட்டர். இப்ப அந்தத் தலைக்கு அவன் கைக்கு முக்கால் மில்லிமீட்டர் கிட்ட இடம் இருக்கு. முதல் ரெண்டு நாள் "கை வலிக்குது, மெதுவா இருக்கு"ன்னான், அதுக்காக மாத்தக் கூடாதுன்னு சொல்லிட்டேன், ஏன்னா மணிக்கட்டுல ஆடினவன் இப்பத்தான் முழங்கையிலேர்ந்து இழுக்கறான், அது பழக நாள் ஆகும்.

அவன் சொன்ன 'மெதுவா'வைப் பார்த்து சிலர் உணர்திறன் வேண்டாம், 'மவுஸ் வேகம்'னு சொல்லலாமேங்கறாங்க. அதுவும் தப்பு. வேகம்னா நேரம் உள்ள வரணும். 20 சென்டிமீட்டரை நீங்க ஆமை மாதிரி தள்ளினாலும் விசுக்குனு இழுத்தாலும் பார்வை அதே அளவுதான் திரும்பணும். இதைச் சோதிச்சும் பார்க்கலாம். ஸ்கேல் ஓரமா மவுஸை மெதுவா 20 சென்டிமீட்டர் தள்ளிட்டு, வேகமா அதே இடத்துக்குத் திருப்பிக் கொண்டு வாங்க. பார்வை கிளம்பின இடத்துக்கே வந்தா சரி. வரலைன்னா கை வேகத்தைப் பார்த்துத் திருப்பத்தை மாத்தற ஆக்சிலரேஷன் எங்கயோ ஆன்ல இருக்கு, மவுஸ் சாஃப்ட்வேர்ல பாருங்க, விண்டோஸ்ல `Enhance pointer precision` டிக்கை எடுத்துடுங்க. பல கேம் விண்டோஸ் செட்டிங்கைக் கண்டுக்காது, ஆனா கண்டுக்கற கேமும் இருக்கு. இதெல்லாம் 'வேகம்'னு பேரு வச்சா எப்படிப் புரியும்?

சென்ஸுக்கு நான் சொல்றது 'திருப்பு வீதம்'. ஒரு எண்ணிக்கைக்கு இத்தனை டிகிரி திருப்பம், அது ஒரு வீதம், வட்டி வீதம் மாதிரி. வட்டி வீதம் கூடினா நல்லதுன்னு யாரும் பொதுவா சொல்ல மாட்டாங்க, யாருக்கு எவ்வளவுன்னு பார்ப்பாங்க, இங்கயும் அதேதான். டிபிஐக்கு 'அங்குல எண்ணிக்கை'. பேச்சுல சென்ஸ், டிபிஐன்னே சொல்லிட்டுப் போங்க, நானும் அப்படித்தான் சொல்றேன், அதுல ஒரு குழப்பமும் இல்ல. தமிழ்ல எழுதறேன்னு கிளம்பும்போதுதான் அந்தப் பொருள் என்ன வேலை செய்யுதுன்னு பார்க்கணும், ஆங்கிலச் சொல்லோட முகத்தை மட்டும் பார்த்துப் பேரு வைக்கக் கூடாது. மெனுவைத் தமிழாக்கறவங்க ஒரு தடவை அந்தப் பட்டையை இப்படியும் அப்படியும் இழுத்துட்டு ஆடிப் பார்த்திருந்தா உணர்திறன்னு எழுதியிருக்க மாட்டாங்க.

தம்பி அப்புறமும் புது மவுஸ் வாங்கினான், ஆசை விடல. அதே 800, அதே 0.37, ஆனா "ஏதோ வித்தியாசமா இருக்குண்ணா"ன்னான். ஸ்கேல் வச்சா 44-க்குப் பதிலா 42. பெட்டியில 800-ன்னு போட்டிருந்தாலும் சென்சார் கொஞ்சம் கூடவோ குறையவோ எண்ணும், மவுஸுக்கு மவுஸ் மாறும். வீதத்தை 0.35-க்கு இறக்கினோம், 44-க்கு வந்துடுச்சு.