புது அலமாரிக்குக் கரையான் எந்த வழியாக வருகிறது?

புதிதாகச் செய்த அலமாரியைக் கரையான் அரித்துவிட்டால் முதலில் திட்டு வாங்குபவர் தச்சர்தான். பலகை சரியில்லை என்போம். பெரும்பாலும் அவர்மேல் தப்பில்லை. நம் ஊர் வீடுகளை வழக்கமாகப் பிடிக்கும் கரையான் பலகைக்குள் ஒளிந்து கடையிலிருந்து வருவதில்லை. அதன் கூடு தரைக்குக் கீழே மண்ணில் இருக்கிறது. அங்கிருந்து மேலே வந்து மரத்தைத் தின்றுவிட்டு, ஈரத்துக்காக மறுபடி மண்ணுக்கே போகிறது.

சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர்களில் பல தாமான்கள் ஒருகாலத்தில் ரப்பரோ செம்பனையோ நின்ற நிலத்தில் எழுந்தவை. மரத்தை வெட்டி மண்ணை நிரவினாலும் அடிக்கட்டையும் வேரும் சில இடங்களில் உள்ளேயே கிடக்கும். கரையானுக்கு அது போதும். தீபகற்பத்தில் கட்டடங்களை அதிகம் சேதப்படுத்துவது கோப்டோடெர்மஸ் என்ற பேரினம். அதில் ஒரு வகை, உயிரோடு நிற்கும் ரப்பர் மரத்தையே விட்டுவைக்காது.

சரி, சிமெண்டுத் தரையை எப்படித் தாண்டுகிறது? சிமெண்டைத் தின்பதில்லை, சந்து எங்கே என்று தேடுகிறது. ஒன்றரை மில்லிமீட்டர் இடைவெளி இருந்தாலே வேலைக்காரக் கரையான் நுழைந்துவிடும். கீழ்வீட்டில் இப்படிப்பட்ட சந்துகள் அதிகம் இருப்பது சுவரும் தரையும் சேரும் கோட்டிலும், தண்ணீர்க் குழாய் தரையைத் துளைத்து வரும் இடத்திலும்தான். நாமோ அலமாரியைச் சுவரோடு ஒட்டி, தரையோடு அமர்த்தி, சரியாக அந்த இரண்டு இடத்தையும் மூடிவிடுகிறோம்.

கரையானின் தோல் மெல்லியது. வறண்ட காற்று பட்டால் சீக்கிரம் காய்ந்து செத்துவிடும். அதனால் வெட்டவெளியைக் கடக்க வேண்டுமானால் பென்சில் தடிமனில் மண்குழாய் கட்டியாக வேண்டும். அலமாரி சுவரோடு ஒட்டியிருந்தால் அந்தக் குழாய் பின்னாலேயே மறைந்து வரும், நமக்குத் தெரியாது. இடைவெளி விட்டிருந்தால் கண்ணில் படும். என்னைக் கேட்டால், எந்த மருந்தையும்விட இந்த இடைவெளிக்குத்தான் முதல் இடம்.

ஒரு வரிசை வீட்டின் சமையலறையை எடுத்துக்கொள்வோம். பின்சுவரோரம் 2.4 மீட்டர் நீளத்தில் கீழ் அலமாரி, நடுவில் பாத்திரம் கழுவும் தொட்டி. அலமாரி வருவதற்கு முன்பே, சுவரோரத் தரையில் 30 சென்டிமீட்டருக்கு ஒன்றாக 12 மில்லிமீட்டர் துளை போட்டால் ஒன்பது துளை வரும். அவற்றின் வழியே அடிமண்ணுக்குள் ஃபிப்ரோனில் போன்ற மருந்தைச் செலுத்துவார்கள். கரையானுக்கு இது இருப்பதே தெரியாது. மெதுவாக வேலை செய்வதால், மருந்து பட்டது மற்றதையும் தொட்டுப் பரப்பிவிட்டுத்தான் சாகும். உரிமம் பெற்றவர்தான் இதைச் செய்ய வேண்டும், அளவும் மருந்தின் லேபிளில் உள்ளபடியே. துளை போடும் முன் தரைக்கடியில் குழாயும் வயரும் எங்கே போகின்றன என்று காட்டிவிடுங்கள்.

அடுத்தது குழாயைச் சுற்றியுள்ள ஓட்டை. பலர் நுரையைப் பீய்ச்சி அடைக்கிறார்கள், அதைக் கரையான் சுலபமாகத் துளைத்துவிடும். சுருங்காத சிமெண்டுக் கலவைதான் சரி.

அப்புறம் பலகை. மெலமைன் ஒட்டிய பலகை பளபளப்பாக இருக்கிறதே என்று நம்ப வேண்டாம். அறுத்த விளிம்பு வழியாக உள்ளே போய், மேல்தோலை மட்டும் விட்டுவிட்டு எல்லாவற்றையும் தின்றுவிடும். விரலால் தட்டினால் பப்படம் மாதிரி இருக்கும். ரப்பர் பலகையோ ஒட்டுப்பலகையோ வாங்கினால், தச்சர் அறுத்து முடித்ததும் பூட்டுவதற்கு முன் போரேட் பொடி கரைசலைப் பூசச் சொல்லுங்கள். லிட்டர் தண்ணீருக்கு ஏறக்குறைய 100 கிராம், இரண்டு கோட், அறுத்த முனைகளில் தாராளமாக. போரேட்டைத் தின்ற கரையானின் குடலில் மரத்தைச் செரிக்க உதவும் நுண்ணுயிர்கள் செத்துப்போகும். ஒரு குறை உண்டு: பூசினால் சில மில்லிமீட்டர்தான் உள்ளே இறங்கும், தண்ணீர் பட்டால் கரைந்தும் போகும். அதனால் காய்ந்தபின் வார்னிஷ் அவசியம். ஏற்கெனவே மெலமைன் ஒட்டிய பகுதியில் இது இறங்காது, விளிம்புக்கு மட்டும்தான் பயன்.

பூட்டும்போது 10 சென்டிமீட்டர் பிளாஸ்டிக் கால் வைத்து, முன்னால் கழற்றி மாட்டும் அடிப்பலகை போடுங்கள். பின்பக்கம் இரண்டு சென்டிமீட்டர் விடுங்கள். பிளாஸ்டிக் கால் கரையானைத் தடுக்காது, ஆனால் அதன்மேல் ஏறும் மண்குழாய் பளிச்சென்று தெரியும். மாதம் ஒருமுறை அடிப்பலகையைக் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். தொட்டிக் குழாய் கசிந்தால் உடனே சரிசெய்யுங்கள். சாமி அறை மேடைக்கும் இதே கதைதான், அங்கே தீர்த்தம் சிந்திப் பலகை ஊறும்.

அலமாரிக்கடியில் மாவு போன்ற தூள் கொட்டிக் கிடந்து, பலகையில் குண்டூசி அளவு ஓட்டை தெரிந்தால், அது கரையான் இல்லை, மரத்தைத் துளைக்கும் வண்டு. மண் மருந்து அதற்கு உதவாது, பலகைக்குத்தான் மருந்து வைக்க வேண்டும்.

மண்குழாயைப் பார்த்துவிட்டால் உடைக்காதீர்கள், கொசு மருந்தும் அடிக்காதீர்கள். அடித்தால் முன்னால் நிற்கும் சில நூறு சாகும், மிச்சம் வேறு வழி தேடும். குழாயை அப்படியே விட்டு ஆளைக் கூப்பிட்டால், அதன்மேலேயே இரைப்பெட்டியைப் பொருத்துவார். அந்த இரை கரையான் தோலுரிப்பதைத் தடுத்துச் சாகடிக்கிறது. கூடு முழுவதும் அடங்கச் சில வாரங்களிலிருந்து சில மாதங்கள் ஆகலாம், அதுவரை பெட்டியை நகர்த்தக் கூடாது.