ஸ்பெகுலேட்டிவ் டீகோடிங்: தமிழில் என்ன சொல்வது?

கேள்விக்குப் பதில் எழுதும் மொழி மாதிரிகளை வேகப்படுத்தும் ‘ஸ்பெகுலேட்டிவ் டீகோடிங்’ முறைக்குத் தமிழில் வைத்த ‘ஊகக் குறிநீக்கம்’ என்ற தொடரை இனி எங்கேனும் பார்த்தால் அப்படியே பக்கத்தை மூடிவிடுவது என்றுதான் இருந்தேன். ஆனால் அண்மையில் ஒரு கட்டுரை அந்தத் தொடரோடு நிற்கவில்லை. “இம்முறையில் மாதிரி ஊகித்துப் பதில் சொல்வதால் வேகம் கூடும், துல்லியம் சற்றுக் குறையும்” என்று விளக்கமும் கொடுத்திருந்தது. இது தவறு. பெயரே அந்தத் தவறுக்கு வழி காட்டியிருக்கிறது என்பதால் இதை எழுத வேண்டியதாயிற்று.

முதலில் சொற்பிறப்பு, சுருக்கமாக. லத்தீனில் ‘ஸ்பெகுலா’ என்றால் காவற்கோபுரம். அதன் மேலிருந்து நோட்டம் பார்ப்பதைக் குறித்த வினை, பிறகு சிந்திப்பதையும், அதற்கும் பிறகு விலை ஏறும் என்று நம்பிச் சரக்கை வாங்கிப் போடுவதையும் குறித்தது. இந்தக் கடைசிப் பொருளைத்தான் நம் நாளிதழ்கள் ‘ஊக வணிகம்’ என்கின்றன. கணினித் துறைக்குச் சொல் வந்தபோது பொருள் இன்னொரு முறை திரும்பியது. செயலி ஒரு கிளைப்பிரிவை எட்டும்போது எந்தப் பக்கம் போக வேண்டும் என்று தெரியும்வரை சும்மா காத்திராமல், ஒரு பக்கத்து வேலையை முன்கூட்டியே செய்து வைக்கும். அந்தப் பக்கம் தேவைப்படவில்லை என்றால் செய்ததைத் தூக்கி எறிந்துவிடும். கூகுளைச் சேர்ந்த லெவையதன், கால்மன், மதியாஸ் மூவரும் 2022 நவம்பரில் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரையில் மொழி மாதிரிகளுக்கு எடுத்துக்கொண்ட கருத்து இதுதான். ஆகவே இங்கே ‘ஸ்பெகுலேட்டிவ்’ என்பது ‘தேவைப்படுமா என்று தெரியும் முன்பே செய்து வைக்கிற’ என்று பொருள்படும். விடை ஊகமானது என்று பொருள்படாது.

‘டீகோடிங்’ கதை இன்னும் சுவையானது. 1949இல் அமெரிக்கக் கணிதவியலர் வாரன் வீவர், ரஷ்ய மொழிக் கட்டுரை என்பது ஆங்கிலத்தில் எழுதி விசித்திரமான குறிகளால் மறைத்த ஒன்று என்று எண்ணிக்கொள்ளலாம், அதை அவிழ்ப்பதே மொழிபெயர்ப்பு என்று எழுதினார். பேச்சுணர்தலிலும் இயந்திர மொழிபெயர்ப்பிலும் அந்தப் பார்வை வேரூன்றியது. பார்வை காலாவதியான பிறகும் பெயர் நிலைத்துவிட்டது. இன்றைய மொழி மாதிரி எந்த மறைகுறியையும் நீக்குவதில்லை. அடுத்து வரக்கூடிய ஒவ்வொரு டோக்கனுக்கும், அதாவது சொல்லுக்கோ சொல்துண்டுக்கோ, ஒரு நிகழ்தகவைக் கணக்கிட்டு, அதிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுத்து, வாக்கியத்தின் வாலில் சேர்க்கிறது. இதில் ‘குறிநீக்கம்’ எங்கே நடக்கிறது? ஆங்கிலத்தில் வழக்கொழிந்த உருவகத்தை நாம் ஏன் பாடையில் தூக்கி வந்து தமிழில் உயிர்ப்பிக்க வேண்டும்? சிலர் இதைவிட மோசமாக ‘ஊகக் குறியாக்கம்’ என்றே எழுதுகிறார்கள். அது நேர் எதிர்ச்சொல். அதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

இனி முக்கியமான வழக்குக்கு வருகிறேன். ‘ஊகம்’ ஏன் பொருந்தாது என்பதை அகராதியைக் காட்டி நிறுவ முடியாது. முறை எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால்தான் விளங்கும்.

7,000 கோடி அளவுருக்கள், அதாவது பயிற்சியில் கற்ற எண்கள், கொண்ட ஒரு பெரிய மாதிரியை எடுத்துக்கொள்வோம். ஓர் அளவுருவுக்கு 2 பைட் என்றால் மொத்தம் 140 ஜிபி. ஒரே ஒரு டோக்கனை எழுதுவதற்கு இந்த 140 ஜிபியையும் நினைவகத்திலிருந்து ஒரு முறை முழுதாகப் படித்தாக வேண்டும். நொடிக்கு 3,000 ஜிபி படித்தாலும் ஒரு டோக்கனுக்கு ஏறத்தாழ 47 மில்லிநொடி ஆகிவிடும். அந்த நேரத்தில் கணக்குப் போடும் பகுதி பெரும்பாலும் வேலையின்றி இருக்கிறது. 140 ஜிபியைப் படித்ததுதான் படித்தோம், ஒரு டோக்கனுக்குப் பதில் ஐந்து இடங்களுக்கு ஒரே நேரத்தில் கணக்குப் போட்டால் என்ன? நேரம் ஏறக்குறைய அதேதான் ஆகும். சிக்கல் ஒன்றுதான்: இரண்டாம் இடத்துக்குக் கணக்குப் போட முதல் இடத்தில் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும்.

இங்கேதான் சிறிய மாதிரி வருகிறது. அது மளமளவென்று நான்கு டோக்கன்களை எழுதிக் கொடுக்கும். பெரிய மாதிரி அந்த நான்கையும் ஒரே ஓட்டத்தில் சோதிக்கும். நம் அரசு அலுவலகங்களில் நடப்பது இதுதான்: உதவியாளர் வரைவு எழுதி வைப்பார், அலுவலர் படித்துப் பார்த்து, சரியான வரி வரை விட்டுவைத்து, பிசகிய இடத்தில் தம் கையால் திருத்துவார். வெளியே போகும் கடிதம் அலுவலருடையது. அதை யாரும் ‘உதவியாளரின் ஊகம்’ என்று சொல்வதில்லை.

ஆனால் ‘அலுவலருடையதே’ என்பதற்கு என்ன உறுதி? சோதிக்கும் விதியில்தான் நயம் இருக்கிறது. “காலையில் அம்மா குடித்தது…” என்று ஒரு வாக்கியம் நிற்கிறது என்போம். அடுத்த சொல்லாகப் பெரிய மாதிரி நூற்றுக்கு 50 முறை ‘காபி’, 30 முறை ‘டீ’, 20 முறை ‘பால்’ என்று எழுதும். சிறிய மாதிரிக்குக் காபிப் பித்து அதிகம். அது 70 முறை காபி, 20 முறை டீ, 10 முறை பால் என்று வரையும். விதி இது: சிறியது தந்த சொல்லுக்குப் பெரியது அதே அளவோ அதற்கு மேலோ இடம் தருமானால் அப்படியே ஏற்க வேண்டும். குறைவாகத் தருமானால், அந்த விகிதத்தில் மட்டும் ஏற்க வேண்டும். எனவே டீ வந்தால் எப்போதும் ஏற்பு, பால் வந்தாலும் ஏற்பு. காபி வந்தால் எழுபதில் ஐம்பது முறைதான் ஏற்பு. ஆக 50 காபி, 20 டீ, 10 பால் தேறிவிட்டன. மீதி 20 முறை காபி தள்ளுபடி. அந்த இருபது இடங்களையும் பெரிய மாதிரி நிரப்ப வேண்டும், ஆனால் தன் முழுப் பட்டியலிலிருந்து அல்ல. சிறியது குறைவாக எழுதிய சொற்களிலிருந்து மட்டும், குறைந்த அளவுக்கேற்ப. டீ 10 குறைந்தது, பால் 10 குறைந்தது. எனவே பத்து டீ, பத்து பால். கூட்டிப் பாருங்கள்: 50, 30, 20. பெரிய மாதிரி தனியாக எழுதியிருந்தால் என்ன விகிதம் வந்திருக்குமோ, அணுவும் பிசகாமல் அதே விகிதம்.

சிறிய மாதிரி எவ்வளவு மட்டமானதாக இருந்தாலும் இந்தக் கூட்டல் மாறாது. அது உளறினால் தள்ளுபடிகள் கூடும், வேகம் போகும், தரம் போகாது. ‘ஊகிப்பதால் துல்லியம் குறையும்’ என்று எழுதியவருக்கு இந்த ஒரு கணக்கு போதும். நடைமுறையில் கணினி பின்ன எண்களை முழுமையாக்குவதால் நூலளவு வேறுபாடு எப்போதாவது எட்டிப் பார்க்கலாம். அது முறையின் குற்றம் இல்லை.

மேற்கண்ட எடுத்துக்காட்டில் நூற்றுக்கு 80 ஏற்பு. எல்லா இடத்திலும் இதே அளவு என்று வைத்துக்கொண்டால், நான்கு டோக்கன் வரைவுக்குப் பெரிய மாதிரியின் ஒவ்வோர் ஓட்டத்திலும் சராசரியாக 3.36 டோக்கன் கிடைக்கும். முதல் பிழை எங்கே வருகிறதோ அதற்குப் பிந்திய வரைவெல்லாம் குப்பைக்குப் போகும் என்பதையும், பிழையே இல்லாவிட்டால் பெரிய மாதிரி ஐந்தாவதாக ஒன்றைத் தன் சார்பில் சேர்த்துவிடும் என்பதையும் இந்தக் கணக்கு உள்ளடக்கியிருக்கிறது. சிறியதன் ஓர் ஓட்டம் பெரியதில் இருபதில் ஒரு பங்கு நேரம் எடுத்தால், மொத்த வேகம் ஏறத்தாழ 2.8 மடங்கு. 2023 பிப்ரவரியில் டீப்மைண்ட் ஆய்வு நிறுவனக் குழுவினர் இதே முறையைத் தனியே கண்டு, 7,000 கோடி அளவுருக்கள் கொண்ட சின்சில்லா மாதிரியில் 2 முதல் 2.5 மடங்கு வேகம் கிடைத்ததாக வெளியிட்டார்கள்.

மறுபக்கமும் உண்டு. ஏற்பு 30 விழுக்காடாக விழுந்து, சிறிய மாதிரியும் பெரியதில் ஐந்தில் ஒரு பங்கு நேரம் எடுத்தால், வேகம் 0.8 மடங்குக்கும் கீழே போகும். அதாவது இல்லாமலிருந்ததே மேல். தமிழ் சரியாக வராத சிறிய மாதிரியை வரைவெழுத வைத்துவிட்டு, ஆங்கிலத்தில் அளந்த வேகத்தைத் தமிழுக்கும் வாக்களிப்பவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். எந்த மொழியில் பயன்படுத்தப் போகிறோமோ அந்த மொழியில் ஏற்பு விகிதத்தை அளந்து பார்த்தால் உடனே தெரிந்துவிடும். ஒரே நேரத்தில் பல பேரின் கேள்விகளைச் சேர்த்து ஓட்டும் சேவைகளிலும் ஆதாயம் சுருங்கும். அங்கே கணக்குப் போடும் பகுதி ஏற்கெனவே முழு வேலையில் இருப்பதால், வீணாகும் வரைவுக்குச் செலவு கூடுகிறது.

இனிப் பெயர். ‘ஊகம்’ வடமொழி ‘ஊஹ’ என்பதிலிருந்து வந்தது என்பதற்காக நான் எதிர்க்கவில்லை. (பழந்தமிழில் ஊகம் என்றால் கருங்குரங்கு. தூய தமிழ் வேண்டுவோர் அந்தப் பொருளில் எடுத்துக்கொண்டால் எனக்குத் தடையில்லை.) முழு முறையின் நெற்றியில் அதை ஒட்டுவதைத்தான் எதிர்க்கிறேன். ஊகம் சிறிய மாதிரியின் வேலையில் மட்டும் இருக்கிறது, அதுவும் சோதனையில் வடிகட்டப்படுகிறது. தமிழ் நாளிதழ் வாசகருக்கு ‘ஊக’ என்ற முன்னொட்டு ‘உறுதியில்லாத’ என்றே கேட்கும். ‘முந்துருவாக்கம்’ என்று ஒரு நண்பர் சொன்னார். முன்கூட்டிச் செய்வது அதில் இருக்கிறது, சரிபார்ப்பு இல்லை. ‘உய்த்துணர் குறிவிலக்கம்’ என்றும் ஒன்று உலவுகிறது. அதைக் கேட்டவர் பொருளை உய்த்துணர்வதற்குள் கணினியே பதிலை எழுதி முடித்திருக்கும்.

டீப்மைண்ட் கட்டுரை தன் முறைக்கு வைத்த பெயர் ‘ஸ்பெகுலேட்டிவ் சாம்ப்ளிங்’. அதை ‘ஊக மாதிரியெடுப்பு’ என்று பெயர்த்தவர்கள், ‘பெரிய மாதிரி சிறிய மாதிரியின் மாதிரியைத் தன் மாதிரியோடு ஒப்பிடுகிறது’ என்ற அளவுக்கு வாக்கியம் எழுதியிருக்கிறார்கள். ‘மாடல்’, ‘சாம்பிள்’ என்ற இரண்டு ஆங்கிலச் சொற்களுக்கு ஒரே தமிழ்ச் சொல்லை வைத்துக்கொண்டு ஒரே வரியில் இரண்டையும் இறக்குவது மொழிபெயர்ப்பு ஆகாது. அந்த இடத்தில் ‘தேர்வு’ என்று எழுதியிருந்தால் எல்லாருக்கும் புரிந்திருக்கும். சொல்லுக்குச் சொல் பட்டியலைப் பார்த்து நிரப்புகிறார்களே தவிர, நிரப்பிய வரியைத் திரும்பப் படிப்பதில்லை.

நான் சொல்வது ‘வரைவுவழி உருவாக்கம்’. ‘வரைவு’ அலுவலகத் தமிழில் ஊறிய சொல். வரைவு என்றாலே பின்னால் ஒப்புதல் இருக்கிறது என்பது கேட்பவருக்குச் சொல்லாமலே தெரியும். ‘உருவாக்கம்’ மாதிரி உண்மையில் செய்வதைச் சொல்கிறது. இன்னொரு வசதியும் உண்டு. இப்போது சிறிய மாதிரியே இல்லாத வகைகளும் வந்துவிட்டன. கேள்வியிலேயே இருக்கும் சொற்றொடரை அப்படியே எடுத்து வரைவாக நீட்டுவது ஒன்று. பெரிய மாதிரியின் மேலேயே ‘தலைகள்’ எனப்படும் கூடுதல் கணக்குப் பகுதிகளைப் பொருத்தி வரைவெழுத வைக்கும் ‘மெடூசா’ இன்னொன்று. எழுதுபவர் யாரானாலும் வரைவு வரைவுதான், பெயரை மாற்ற வேண்டியதில்லை.

மெடூசாவில் ஒரு தெரிவு இருக்கிறது: மேலே கண்ட கறாரான விதியைத் தளர்த்தி, ஓரளவு பொருந்தினாலே ஏற்றுக்கொள்ளலாம். அப்போது விகிதம் அப்படியே காக்கப்படும் என்ற உறுதி போய்விடுகிறது. அந்த வகையை எழுதும்போது ‘தளர் ஏற்பு’ என்று தனியே குறிப்பிட வேண்டும். ‘துல்லியம் குறையக்கூடும்’ என்ற எச்சரிக்கையையும் அங்கே தாராளமாக எழுதலாம்.