பழைய டிராபி புதிய ஆட்டத்துக்குள் எப்படி வருகிறது?

கல்முனையிலிருந்து ஒரு மாணவர் அனுப்பிய கேள்வி இது. "சேர், பிஎஸ்4இல் 'தி லாஸ்ட் ஒஃப் அஸ் பார்ட் 2' விளையாடி பிளாட்டினம் எடுத்தேன். இப்போது பத்து டொலர் கட்டி பிஎஸ்5 ரீமாஸ்டருக்கு மாறினேன். பழைய சேவ் கோப்பையும் ஏற்றினேன். ஏழு டிராபிதான் வந்தது. மற்றவை எங்கே?"

டிராபி என்பது ஆட்டத்தில் ஒரு சவாலை முடித்ததற்கு பிளேஸ்டேஷன் கணக்கில் பதியும் விருது; மற்ற எல்லாவற்றையும் எடுத்தவருக்குக் கிடைப்பது பிளாட்டினம். ரீமாஸ்டர் என்பது பழைய ஆட்டத்தின் மெருகேற்றிய மறுபதிப்பு. விடையை அறிய, பழைய டிராபி புதிய ஆட்டத்துக்கு 'வருகிறது' என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிட வேண்டும். டிராபி எதுவும் இடம்பெயர்வதில்லை. ஒவ்வொரு ஆட்டத்தின் டிராபித் தொகுப்புக்கும் `NPWR` என்று தொடங்கும் அடையாள எண் ஒன்று உண்டு. ரீமாஸ்டருக்குப் பெரும்பாலும் புதிய எண் வழங்கப்படும். அப்படி வழங்கப்பட்டால், சோனியின் சேவையகத்துக்கு அவை இரண்டும் தொடர்பில்லாத வெவ்வேறு பட்டியல்கள். 2021இல் அந்த மாணவர் எடுத்த பிளாட்டினம் பழைய பட்டியலில், பழைய தேதியுடன் அப்படியே இருக்கிறது. ஆட்டத்தை அழித்தாலும் அது போகாது.

அப்படியானால் புதிய பட்டியல் எதனால் நிரம்புகிறது? எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். பள்ளி மாறி வரும் மாணவனை நினைத்துக்கொள்ளுங்கள். பழைய பள்ளியின் புள்ளிகளை ஏற்காத புதிய ஆசிரியர், அவனுடைய கொப்பிகளை வாங்கி, பக்கம் பக்கமாகப் பார்த்து, தாமே புதிதாகப் புள்ளி போடுகிறார். அந்தக் கொப்பிதான், ஆட்டத்தில் நீங்கள் எட்டிய நிலையைப் பதிந்து வைக்கும் சேவ் கோப்பு. ரீமாஸ்டர் அதைத் திறந்து ஒவ்வொரு டிராபியின் நிபந்தனையையும் மறுபடி சோதிக்கிறது, நிறைவேறியிருந்தால் அந்த நொடியிலேயே தன் சொந்தப் பட்டியலில் டிராபியைத் திறக்கிறது. இந்த ஆட்டத்தில் சேகரிக்க 32 நாணயங்கள் உண்டு. அதற்கான சோதனையை, விளக்கத்துக்காக நானே எழுதிய வடிவில் காட்டுகிறேன்:

```
if (save.coins == 32)
    unlock(COINS);
```

நாணயங்களின் எண்ணிக்கை சேவில் பதிந்திருப்பதால் எந்த ஆண்டில், எந்தக் கருவியில் சேகரித்தீர்கள் என்பது இங்கே பொருட்டே அல்ல; எண் 32 என்றால் டிராபி உண்டு. ஆனால் எல்லா டிராபியும் இந்த வகையல்ல. ஒரே குண்டில் மூன்று பேரை வீழ்த்த வேண்டும் என்று ஓர் ஆட்டம் கேட்பதாக வைத்துக்கொள்வோம்:

```
if (kills_by_this_blast == 3)
    unlock(BLAST);
```

இது வெடிப்பு நடக்கும் கணத்தில் மட்டும் உண்மையாகும் நிபந்தனை. அடுத்த கணம் அந்த எண் நினைவகத்திலிருந்து அழிந்துவிடும். "இது ஒருமுறை நடந்தது" என்று சேவில் ஒரு பிட் எழுதி வைக்க நிரலாளர் நினைக்காவிட்டால், பிற்காலத்து ரீமாஸ்டருக்கு அதை அறிய வழியே இல்லை. வாய்மொழியாகச் சொன்ன விடைக்குக் கொப்பியில் சான்று இருக்காதல்லவா? பழைய சேவ் கோப்பை முழுமையாக ஏற்றியும் ஓரிரு டிராபிகள் மட்டும் திறக்காமல் நிற்கும் ஆட்டங்களில் பெரும்பாலும் காரணம் இதுவே. ஒற்றை பிட்டைச் சேமிக்காமல் விட்டு, பல மணி நேர உழைப்பை மறுபடி கேட்பது விளையாடுபவருக்குச் செய்யும் அநியாயம் என்றே நான் கருதுகிறேன்.

இந்த மறுமதிப்பீடு நடந்ததா என்பதைத் தேதிகளே காட்டிக்கொடுக்கும். டிராபிப் பட்டியலைத் திறந்து பாருங்கள். மாதக் கணக்கில் எடுத்தவையெல்லாம் ஒரே நாளில், ஒரே நிமிடத்தில் திறந்ததாகக் காட்டினால், அவை சேவ் கோப்பைப் படித்துக் கொடுக்கப்பட்டவை.

சேவ் கோப்பைப் படிக்கும் வசதியையே ஒரு ரீமாஸ்டர் தராவிட்டால் எல்லாம் முதலிலிருந்துதான். 2015இல் வந்த 'அன்சார்ட்டட்: தி நேதன் டிரேக் கலெக்‌ஷன்' அப்படிப்பட்டது; அதிலிருந்த மூன்று பிஎஸ்3 ஆட்டங்களின் பழைய சேவ்களை அது ஏற்கவில்லை. கணினியிலும் பட்டியல்கள் தனித்தனிதான். 2016 அக்டோபர் 28 அன்று 'ஸ்கைரிம் ஸ்பெஷல் எடிஷன்' வந்தபோது, மூல ஆட்டத்தையும் அதன் மூன்று இணைப்புகளையும் ஸ்டீம் என்ற கணினி ஆட்டக் கடையில் வைத்திருந்தவர்களுக்கு அது இலவசமாகவே கிடைத்தது. ஆனால் அந்தக் கடையில் பழையதன் எண் `72850`, புதியதன் எண் `489830`. எண் வேறானதால், டிராபிக்கு ஈடான அச்சீவ்மென்ட் பட்டியலும் வேறானது.

இனி அந்தப் பத்து டொலர். 'பார்ட் 2 ரீமாஸ்டர்ட்' 2024 ஜனவரி 19 அன்று 49.99 டொலருக்கு வந்தது. பிஎஸ்4 பதிப்பு வைத்திருந்தவர்கள் 10 டொலர் கட்டினால் போதும். டிஜிட்டலாக வாங்கியவரின் கணக்கிலேயே உரிமம் இருப்பதால் கடை அதைப் பார்த்துத் தள்ளுபடி தரும். இறுவட்டு வாங்கியவரின் கணக்கில் அத்தகைய உரிமம் எதுவும் இல்லை, இறுவட்டுதான் உரிமம். ஆகவே அதைக் கருவியில் இட்ட பிறகே சலுகை விலை தெரியும். வாங்கிய பின்பும் ஒவ்வொரு முறை விளையாடும்போதும் பழைய பிஎஸ்4 இறுவட்டு உள்ளே இருக்க வேண்டும். பத்து டொலர் கட்டிவிட்டு இறுவட்டை விற்றவருக்கு ரீமாஸ்டர் திறக்காது. இறுவட்டு இயக்கி இல்லாத பிஎஸ்5இல் இந்த வழியே கிடையாது.

நம் பகுதியில் இதற்கு மேலும் ஒரு சிக்கல் உண்டு. இலங்கைக்கென்று பிளேஸ்டேஷன் கடை இல்லாததால், மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் விளையாடுபவர்கள் வேறு நாட்டின் பெயரில்தான் கணக்குத் திறக்கிறார்கள்; திறந்த பின் அந்த நாட்டை மாற்ற முடியாது. கல்லடியில் என் நண்பர் ஒருவர் அமெரிக்கக் கணக்கு வைத்திருந்தார். மத்திய கிழக்கிலிருந்து உறவினர் கொண்டுவந்த இறுவட்டை இட்டபோது அவருக்கு முழு விலையே காட்டியது. உறையைத் திருப்பிப் பார்த்தோம்: முன்பக்கத்தில் `PEGI` என்ற வயது முத்திரை. அமெரிக்கப் பதிப்பில் `ESRB` முத்திரைதான் இருந்திருக்கும். பக்கவாட்டில் `CUSA` என்று தொடங்கும் எண்ணும் பிராந்தியத்துக்குப் பிராந்தியம் வேறுபடும், சேவ் கோப்பும் அந்த எண்ணையே தாங்கியிருக்கும். எனவே இறுவட்டு, கணக்கு, சேவ் ஆகிய மூன்றும் ஒரே பிராந்தியத்தவையாக இருக்கும்போதுதான் சிக்கல் வராது. சலுகைக்காகப் புதுக் கணக்குத் திறப்பதும் சேவுக்கு உதவாது. பிஎஸ்4 சேவ், அதை உருவாக்கிய கணக்கோடு பூட்டப்பட்டது.

கல்முனை மாணவருக்கு இவையெல்லாம் சரியாகவே இருந்தன: சலுகை கிடைத்தது, சேவும் ஏறியது. ஏழு டிராபி மட்டும் திறந்தது என்றால் நிரல் கொப்பியைப் படித்திருக்கிறது, கொப்பிதான் பாதியில் நிற்கிறது. சேவ் கோப்பைப் பென் டிரைவில் எப்போது எடுத்தீர்கள் என்று கேட்டேன். கதையின் நடுவில், நண்பர் வீட்டுக்குக் கொண்டுபோக எடுத்தது என்றார். ஆட்டத்தை முடித்த சேவ் பழைய பிஎஸ்4இலேயே கிடந்தது. அதில் `Settings` சென்று, `Application Saved Data Management` வழியாக மறுபடி பென் டிரைவுக்கு நகலெடுத்து, பிஎஸ்5இன் சேமிப்பில் இருந்த பழைய நகலுக்கு மேல் எழுதி, ஆட்டத்துக்குள் மீண்டும் ஏற்றச் சொன்னேன்.

மறுநாள் இரவு திரைப்பிடிப்பு ஒன்றை அனுப்பியிருந்தார். ஏழு டிராபிகளில் முதல் நாள் தேதி, மற்றவற்றில் அன்றைய தேதி, எல்லாம் இரவு 8.42. ரீமாஸ்டரில் புதிதாகச் சேர்ந்த 'நோ ரிட்டர்ன்' பகுதியின் டிராபிகள் மட்டும் பூட்டியபடி இருந்தன. அந்தப் பகுதியின் பக்கங்கள் பழைய கொப்பியில் இருந்ததே இல்லை.